ருத்திராட்சப் பூனைக்கு ஆங்கிலத்தில் என்ன?

"கீழ்க்காணும் தொடர்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க" என்ற கட்டளைக்குக் கீழே வரும் வாக்கியங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவற்றை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்பவர் இல்லை, கேட்பவர் இல்லை, நேரம் இல்லை, இடம் இல்லை. ஐந்தாறு சொற்கள், ஒரு முற்றுப்புள்ளி, பக்கத்தில் மதிப்பெண். சாதாரண வாக்கியமாக இருந்தால் இதனால் பெரிய நஷ்டமில்லை. மரபுத்தொடரையும் பழமொழியையும் இதே மாதிரி உரித்து வைத்து, விடைக்குறிப்பில் ஒரே ஒரு ஆங்கிலத் தொடரை எதிரே ஒட்டும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது. பள்ளியில், டியூஷனில், போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் இந்த அநியாயம் தினமும் நடக்கிறது. இதை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

செங்கல்பட்டில் என் அக்கா மகள் படிக்கும் டியூஷனில் ஒரு பயிற்சித்தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு தொடர்: "அவன் ஒரு ருத்திராட்சப் பூனை." அவள் எழுதியது, 'ஹீ ப்ரிடெண்ட்ஸ் டு பி ஹோலி'. அதாவது, அவன் பக்திமான் மாதிரி நடிக்கிறான். அதற்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. விடைக்குறிப்பில் இருந்தது, 'எ உல்ஃப் இன் ஷீப்ஸ் க்ளோதிங்'. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்.

என்னிடம் தாளைக் காட்டி அவள் கேட்டது இதுதான்: "மாமா, ஓநாய் வர்றது ஆட்டுக்குத் தெரியாது. பூனையைப் பூனைன்னு எல்லாருக்கும் தெரியும்ல? அப்புறம் எப்படி ரெண்டும் ஒண்ணு?"

இந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பில் பதில் கிடையாது. ஆனால் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டரில், மாமல்லபுரத்தில், கல்லிலேயே பதில் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரிய பாறைச் சிற்பத்தில், யானைகளுக்குப் பக்கத்தில், கீழே, ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். மேலே ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியின் அதே தோரணையைத்தான் பூனை காப்பியடிக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் யாரோ ஒரு சிற்பி, இத்தனை தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் நடுவே இந்தக் கேலியையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் இந்தக் கதை வருகிறது. கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையை எலிகள் நம்புகின்றன. எலிகள் குறைகின்றன, பூனை கொழுக்கிறது. துரியோதனன் உலூகனைத் தூது அனுப்பி யுதிஷ்டிரனை ஏசும்போது இந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறான்.

இப்போது கவனியுங்கள். மாமல்லபுரத்துப் பூனை தான் பூனை என்பதை மறைக்கவே இல்லை. எலித்தோல் எதையும் போர்த்திக்கொள்ளவில்லை. வாலும் மீசையும் அப்படியே இருக்க, "நான் பூனைதான், ஆனால் எலி தின்பதை விட்டுவிட்டேன்" என்கிறது. அது மறைப்பது தன் பசியை. ஓநாய் மறைப்பது தன் அடையாளத்தை. அது மந்தைக்குள் ஆடாகவே நுழைகிறது. ஏமாறுபவர்கள் வேறு, ஏமாறும் விதமும் வேறு. ஓநாயிடம் ஏமாந்த ஆட்டைக் குறை சொல்ல முடியாது. பூனை என்று தெரிந்தே நம்பிய எலியை ஊர் சிரிக்கும். "ருத்திராட்சப் பூனை" என்று நாம் ஒருவரைச் சொல்லும்போது அந்தச் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது. ஓநாய்த் தொடரில் சிரிப்பு இல்லை, எச்சரிக்கை மட்டும்தான்.

ஓநாய்த் தொடரும் மதம் சார்ந்ததுதானே என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், போலித் தீர்க்கதரிசிகளைக் குறித்த எச்சரிக்கையாக அது வருகிறது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அந்த மத வாசனை பெரும்பாலும் போய்விட்டது. நல்லவன் மாதிரி கம்பெனிக்குள் நுழைந்து கணக்கைச் சுருட்டியவனையும் அப்படிச் சொல்வார்கள். அவன் நெற்றியில் விபூதி இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதே பக்கத்தில் திருவள்ளுவரையும் வைத்துப் பாருங்கள். கூடாவொழுக்கம் அதிகாரத்தில், 273ஆம் குறளில், மன உறுதி இல்லாமல் தவவேடம் போட்டவனைப் புலித்தோல் போர்த்திப் பயிர் மேயும் பசுவுக்கு ஒப்பிடுகிறார். ஓநாய் உவமைக்கு நேர் தலைகீழ். அங்கே சாதுவான தோலுக்குள் கொடிய மிருகம், இங்கே பயங்கரமான தோலுக்குள் சாதுவான மாடு. போலித் துறவி என்ற ஒரே விஷயத்துக்கு ஓநாய், பசு, பூனை என்று மூன்று படங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு குற்றங்களைச் சொல்கின்றன. விடைக்குறிப்போ எல்லாவற்றையும் ஒரே பட்டியில் அடைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு தகவலை வேறு வடிவத்துக்கு மாற்றுவோம், மாற்றியதை மறுபடி பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவோம். கிளம்பியதும் திரும்பி வந்ததும் ஒன்றாக இருந்தால் நடுவில் எதுவும் தொலையவில்லை என்று அர்த்தம். விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள், தங்கள் பட்டியல் இந்தச் சோதனையில் தேறும் என்று நம்பித்தான் இரண்டு பக்கமும் கேள்வி கேட்கிறார்கள். தேறுமா? பூனையை அனுப்பினால் ஓநாய் ஆகிறது. ஓநாயைத் திருப்பி அனுப்பினால் 'பசுத்தோல் போர்த்திய புலி' வருகிறது. டியூஷன் நோட்டுகளில் ஓநாய்க்கு எதிரே வழக்கமாக இருப்பது அதுதான். பூனை எங்கே போனது? இரண்டு தமிழ்த் தொடர்களை ஒரு ஆங்கிலத் தொடரில் கொட்டினால், திரும்பும்போது எதை எடுப்பது என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் தன் சொந்தக் கணக்கிலேயே தப்பாக இருக்கிறது.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இது ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். ஜி.யு.போப் 1855இல் வெளியிட்ட தமிழ்க் கைந்நூலின் தலைப்புப் பக்கத்திலேயே, இது ஓலண்டார்ஃப், ஆர்னால்டு ஆகியோரின் முறைப்படி அமைந்தது என்று அச்சிட்டிருக்கிறார். ஓலண்டார்ஃப் ஜெர்மானியர். பாடம் பாடமாகச் சின்னச் சின்ன வாக்கியங்களைக் கொடுத்து இரு பக்கமும் மொழிபெயர்க்கச் செய்து அயல்மொழி கற்றுக்கொடுக்கும் புத்தகங்களால் ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றவர். ஆர்னால்டு, ஆங்கிலப் பிள்ளைகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கப் பாடநூல் எழுதிய பாதிரியார். ஓலண்டார்ஃபின் புத்தகங்களுக்கு விடைகள் தனி நூலாகவே விற்றன. வாக்கியம் ஒரு பக்கம், சாவி இன்னொரு பக்கம் என்ற ஏற்பாட்டுக்கு இவ்வளவு வயதாகிறது.

போப்பை நான் குறை சொல்லவில்லை. தமிழ் தெரியாத ஐரோப்பியர்களுக்கு இலக்கணம் புகட்ட அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. "எனக்குப் பசிக்கிறது" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பசிப்பவர் எழுவாய். தமிழில் அவர் நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று ஒதுங்கி நிற்கிறார், பசி தானாக வருகிறது. "எனக்கு ரெண்டு அக்கா" என்பதிலும் அப்படித்தான். ஆங்கிலத்தின் 'ஹேவ்' என்ற வினைக்குத் தமிழில் வேலையே இல்லை. இதையெல்லாம் இருபது வாக்கியம் மாற்றி எழுதினால் கை பழகிவிடும். யார் சொன்னாலும், எங்கே சொன்னாலும் இந்த விதி மாறாது. அதனால் சொல்பவர் இல்லாத வாக்கியமே போதும்.

மரபுத்தொடர் அப்படி இல்லை. அது சொல்லப்படும் இடத்தில்தான் அர்த்தப்படுகிறது. விதிக்காகச் செய்த அச்சில் மரபுத்தொடரை ஊற்றியதுதான் பிழை. அதைப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் 'மொழிபெயர்க்க' முதல் அரசுப் பணிக்கான போட்டித் தேர்வின் மொழிபெயர்ப்புப் பகுதி வரை குறிவைத்து அச்சாகும் நோட்ஸ்களும் கைடுகளும் பெருக்கித் தள்ளுகின்றன.

இன்னொரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். பழமொழிப் பட்டியல்களில் இது அநேகமாக இருக்கும்: 'ப்ளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்' என்றால் "தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்." பார்ப்பதற்குக் கச்சிதம். இரண்டிலும் உடம்பு இருக்கிறது, இரண்டும் உறவைப் பற்றியவை. இப்போது இரண்டு சூழல்களில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் சூழல். அண்ணன் தம்பி இருவருக்கும் நிலத்தகராறு, பத்து வருஷமாகப் பேச்சு இல்லை. தம்பிக்கு விபத்து என்று போன் வருகிறது. அண்ணன் போட்ட சட்டையோடு செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறார். பார்க்கிற பெரியவர் சொல்கிறார், "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்ல." அச்சாகப் பொருந்துகிறது. அண்ணன் யோசித்து முடிவெடுக்கவில்லை, உடம்பு முந்திக்கொண்டது. இங்கே ஆங்கிலத் தொடரையும் சொல்லலாம், தப்பில்லை.

இரண்டாவது சூழல். ஒரு முதலாளி, பதினைந்து வருஷம் உழைத்த மேனேஜரை விட்டுவிட்டுத் தன் தங்கை மகனுக்குப் பதவி கொடுக்கிறார். ஆங்கிலத்தில் 'ப்ளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்' என்று கசப்போடு சொல்வார்கள். மிகச் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் அது ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்வு செய்வதைப் பற்றிய தொடர். உறவா மற்றவரா என்றால் உறவு. இந்த இடத்தில் அந்த மேனேஜரிடம் போய் "தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்று சொல்லிப் பாருங்கள். மனுஷன் உங்களை விநோதமாகப் பார்ப்பார். முதலாளிக்கு எந்தச் சதையும் ஆடவில்லை, நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். தமிழில் இங்கே, "என்ன இருந்தாலும் தங்கச்சி புள்ள ஆச்சே" என்று இழுப்போம். அதில் பழமொழியே இல்லை. ஆனால் அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

ஆக, ஒரு சூழலில் பொருந்திய ஜோடி அடுத்த சூழலில் உடைகிறது. வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்டுபிடிக்க வேண்டுமானால் யார், யாரிடம், எப்போது என்ற மூன்றும் வேண்டும். கேள்வித்தாள் மறைப்பது சரியாக இந்த மூன்றைத்தான்.

சில சமயம், அது மரபுத்தொடர்தானா என்பதையே சூழல்தான் முடிவு செய்யும். "கப்பல் கவிழ்ந்துவிட்டதா?" என்றொரு வாக்கியம். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் எந்த அம்மாவும் கேட்பது: "என்னடா, கப்பலா கவுந்துடுச்சு?" கப்பலைப் பற்றி அந்த அம்மாவுக்கு எந்த அக்கறையும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, எழுந்து வேலையைப் பார் என்கிறாள். கொஞ்சம் அதட்டல், கொஞ்சம் பரிவு. ஆங்கிலத்தில் 'ஒய் த லாங் ஃபேஸ்' என்று கேட்கலாம். அதில் கப்பலும் இல்லை, கன்னத்துக் கையும் இல்லை, ஆனால் செய்கிற வேலை ஏறத்தாழ அதே வேலை.

அதே கேள்வியைக் கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ, காற்று தூக்கலாக இருக்கும் விடிகாலையில், கரையில் நிற்கும் ஒருத்தி கேட்டால்? "போட்டு கவுந்துடுச்சா?" அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது ஃபைபர் படகு புரள்வது அங்கே உவமை இல்லை. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் மொழிபெயர்ப்பு. 'கப்பல்' என்பதும் 'போட்டு' என்பதும், 'கப்பலா' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றை 'ஆ'வும்தான் கேட்கிற காதுக்கு அடையாளம். 'கப்பலா கவுந்துடுச்சு' என்றால் கவிழவில்லை என்று தெரிந்தே கேட்பது. 'கவுந்துடுச்சா' என்றால் உண்மையிலேயே தெரியாமல் கேட்பது. கேள்வித்தாளுக்காக இதை "கப்பல் கவிழ்ந்துவிட்டதா?" என்று எழுத்துத் தமிழில் திருத்தியவுடன் அந்த அடையாளமும் போய்விடுகிறது. பேச்சுவழக்கை வெளுத்துவிட்டுக் கொடுத்தால், மாணவர் எதைப் பிடித்துக்கொண்டு கரையேறுவார்?

எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்த எத்தனையோ தொடர்கள் தமிழில் வேர்விட்டுவிட்டன. முதலைக் கண்ணீர், பச்சைக்கொடி காட்டுதல், தேனிலவு, பனிப்போர் எல்லாம் அப்படி வந்தவைதான். இன்று யாரும் அவற்றை அந்நியமாக உணர்வதில்லை. அப்படியானால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஏன் தப்பு?

தப்பே இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் அவை பிழைத்த வழியைப் பாருங்கள். பச்சைக்கொடி நாளிதழ்ச் செய்திக்குள் வந்தது: எந்த அமைச்சர், எந்தத் திட்டம், அனுமதித்தாரா இல்லையா என்பதெல்லாம் சுற்றி இருந்தது. கார்டு பச்சைக்கொடி காட்டினால் ரயில் கிளம்பும் என்பதும் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். சூழல் கைப்பிடித்துக் கூட்டிவந்ததால் தொடர் தங்கியது. மழை 'பூனைகளும் நாய்களுமாக'ப் பெய்வது எத்தனை தலைமுறையாக நம் பயிற்சி நோட்டுகளில் இருந்தும் தமிழுக்குள் வரவே இல்லை. வடகிழக்குப் பருவமழை பார்த்த ஊருக்கு மழையைச் சொல்ல அந்தப் படம் எதையும் கூடுதலாகத் தரவில்லை. நாம் 'கொட்டோ கொட்டுன்னு கொட்டுது' என்றே இருந்துவிட்டோம். எது ஒட்டும், எது உதிரும் என்பதைப் புழக்கம் தீர்மானிக்கிறது. விடைக்குறிப்பு தீர்மானிக்க முடியாது.

அடுத்த வாதம் நடைமுறை சார்ந்தது. கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு ஒரே பதில் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பார்கள். ஒரே பதில் இருப்பதால் என்ன நடக்கிறது தெரியுமா? வீட்டில் ஆங்கிலப் புத்தகம் இருக்கிற பிள்ளை ஓநாயை எங்கேயோ படித்திருக்கும், எழுதிவிடும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை, தனக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்த் தொடரைச் சரியாகப் புரிந்துகொண்டு, தன்னிடம் இருக்கிற எளிய ஆங்கிலத்தில் சரியாகவே சொல்லும், தோற்கும். சோதிக்கப்படுவது மொழிபெயர்க்கும் திறமை இல்லை, பட்டியல் கிடைத்ததா இல்லையா என்பது. மரபுத்தொடருக்கு மரபுத்தொடர்தான் பதில் என்ற எழுதப்படாத சட்டம், தெரிந்தவனைத் தண்டித்து மனப்பாடம் செய்தவனுக்குப் பரிசளிக்கிறது.

மாற்று ஒன்றும் கஷ்டமானதில்லை. கேள்விக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தால் போதும். இப்படி: "கோயில் கமிட்டித் தலைவர் தினமும் காலையில் சத்தமாகத் தேவாரம் பாடுவார். உண்டியல் கணக்கை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். அவர் போனதும் ஒரு பெரியவர் பேரனிடம் மெதுவாகச் சொல்கிறார்: 'ருத்திராட்சப் பூனைடா அவரு.' தமிழ் தெரியாத நண்பனுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்."

இதற்கு இரண்டு மதிப்பெண். திருத்துபவர் இரண்டே கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, குற்றச்சாட்டு என்ன என்பது நண்பனுக்குப் புரியுமா? அவர் பக்தியைக் காட்டி ஆசையை மறைக்கிறார் என்பது வந்துவிட்டால் ஒரு மதிப்பெண். இரண்டு, தொனி வந்திருக்கிறதா? பெரியவர் 'அவரு' என்று மரியாதையாகத்தான் சொல்கிறார், ஆனால் குரலைத் தாழ்த்தி, கேலியாகச் சொல்கிறார். ஆங்கிலத்தின் 'ஹீ' அந்த மரியாதையைத் தாங்காது. அதனால் வாக்கியத்தின் வேறு இடத்தில் அந்தத் தொனி வர வேண்டும். 'ஹீ இஸ் நாட் அஸ் ஹோலி அஸ் ஹீ சவுண்ட்ஸ்' என்று எழுதினால் இரண்டும் வந்துவிடுகிறது. காதில் விழுகிற அளவுக்கு அவரிடம் பக்தி இல்லை என்கிறது அது. பூனை இல்லை, ருத்திராட்சம் இல்லை, எந்த மரபுத்தொடரும் இல்லை. 'ஹீ ப்ரிடெண்ட்ஸ் டு பி ஹோலி' என்று எழுதினால் பொருளுக்கு ஒரு மதிப்பெண் நிச்சயம். பூனையையே வைத்துக்கொண்டு, மணி மாலை போட்ட பூனை, எலிகள் ஜாக்கிரதை என்று எழுதும் மாணவருக்கும் இரண்டு மதிப்பெண் கொடுங்கள். படம் புரிகிறது, சிரிப்பும் வருகிறது. ஓநாயை எழுதினால்? ஏமாற்றுக்காரர் என்ற பாதிப் பொருள் இருக்கிறது, அரை மதிப்பெண் தரலாம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சூழல் எழுதினால் கேள்வித்தாள் நீளும், அதனால் பத்துத் தொடருக்குப் பதில் மூன்றுதான் கேட்க முடியும். திருத்துபவர்களுக்கு இடையே அரை மதிப்பெண் முன்பின் ஆகும். ஆகட்டும். சரியாக எழுதிய பதிலுக்குப் பூஜ்யம் போடுவதை விட அது சின்னக் குற்றம்.

இதைப் படிப்பவர்களில் டியூஷன் எடுப்பவர்கள், கைடு எழுதுபவர்கள், போட்டித் தேர்வு மையங்களில் பகுதி நேரமாக மாதிரித் தாள் தயாரிப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தாளில் ஒரே ஒரு மரபுத்தொடருக்கு முன்னால் அந்த ஒரு வரியைச் சேருங்கள். சொல்பவருக்கு ஒரு வாயும், கேட்பவருக்கு ஒரு காதும் கொடுங்கள். பிறகு வருகிற பதில்களை உங்கள் பழைய விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது மொழிபெயர்ப்பு, எது மனப்பாடம் என்று தெரிந்துவிடும்.